மங்களேஸ்வரியின் மேசைக்கு வந்த சண்டை

அடுத்தவர் கலியாணங்களைப் படிப்பதுதான் மங்களேஸ்வரிக்கு வேலை. ஸ்காபரோவில் மார்க்கம் ரோட்டுக் கடைத்தொகுதி ஒன்றின் மாடியில், பல்வைத்தியருக்கும் கணக்காளருக்கும் நடுவே, ஒரு சன்னல் உள்ள அறை அவளுடையது. கதவில் 'சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர்' என்று எழுதியிருக்கும். பிறப்புப் பத்திரம், மரணப் பத்திரம், காணி உறுதி எல்லாம் வரும். ஆனால் சில வருடங்களாக அதிகம் வருவது வாட்ஸ்அப். புருசன் வவுனியாவில், பெண்சாதி கனடாவில். இது உண்மையான கலியாணமா என்று அரசாங்கம் கேட்கிறது. அவர்கள் பேசிக்கொண்டதை எல்லாம் ஆங்கிலத்தில் காட்டு என்கிறது.

வீட்டுக்குப் போனால் கணவர் தவநாயகம் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்பார்.

"இண்டைக்கு ஆற்றை சண்டை?"

"ஒருத்தற்றையும் இல்லை."

"முகத்தில எழுதியிருக்கு. அதை மட்டும் நீ மொழிபெயர்க்கிறேல்லை."

அவள் சிரிப்பதில்லை. கேட்டதை வயிற்றில் வைத்துக்கொண்டு இருக்கப் பழகியவள். கோயிலில் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவளின் மகன் எந்த வழக்கில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவள்போல் திருநீற்றை நீட்டுவாள். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்த காலத்திலேயே அவளுக்கு அந்தப் பெயர் இருந்தது: மங்களத்திடம் சொன்னது கிணற்றில் போட்டது.

துளசிகா வந்தது மாசி மாதத்து வெள்ளிக்கிழமை. வெளியே பனி சேறாகிக் கிடந்தது. காலணியை வாசலில் கழற்றப் போனவளை மங்களேஸ்வரி தடுத்தாள்.

"இது வீடில்லைப் பிள்ளை. போட்டுக்கொண்டே வாரும்."

பாண் தொழிற்சாலையில் வேலை. கையில் மாவின் மணம் இருந்தது. முந்தைய வருடம் ஊருக்குப் போய்க் கேதீஸ்வரனைக் கட்டிவிட்டு வந்தவள். அவனை இங்கே எடுக்கப் போட்ட விண்ணப்பத்தை அதிகாரி மறுத்துவிட்டார். இப்போது மேன்முறையீடு. சட்டத்தரணி நிலானி தொலைபேசி உரையாடல் முழுவதையும் கேட்டிருந்தாள். மறுப்புக் கடிதத்தில் இருந்த ஒரு வரி துளசிகாவுக்குப் பாடமாகிவிட்டது. இவர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதைத் தவிர வேறெதுவும் பேசியதாகத் தெரியவில்லை என்பதே அது.

"முதல்தரம் கொஞ்சம்தான் குடுத்தனான் அன்ரி. நல்ல நல்லதாத் தெரிஞ்சு. இந்தமுறை முழுசும்."

மங்களேஸ்வரி கோப்பைத் திறந்தாள். தன் வழக்கப்படி மொழிபெயர்க்கத் தொடங்காமல் முதலில் ஒரு முறை முழுவதும் வாசித்தாள். சாப்பிட்டீங்களா. சாப்பிட்டன். இஞ்சை மழை. அங்கை குளிரோ. மாமிக்குக் கால் நோ எப்பிடி. படம் வந்த இடங்களில் 'ஊடகம் விடுபட்டது' என்ற வரி மட்டும் நின்றது. உரையாடலைக் கோப்பாக எடுக்கும்போது படங்களும் குரல்களும் சேர வேண்டும் என்று தெரிவு செய்திருக்கவில்லை. இதை எல்லோரும் மறப்பார்கள். திரும்ப எடுத்துத் தரச் சொன்னால் போதும்.

ஆனால் நடு ஐப்பசியில் கேதீஸ்வரன் ஒரு விடியலில் எழுதியிருந்தான்: 'நான் சொன்னது பிழை. என்னை மன்னியும். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன்.'

அதற்கு முன்னால் அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை. அதற்கு முந்தைய செய்தி மாமிக்குக் காலில் எண்ணெய் தேய்ப்பதைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவே பல நாள் இடைவெளி. நாளுக்குப் பத்துத் தரம் நலம் விசாரிக்கிறவர்கள்.

"இதுக்கு முதல் என்ன இருந்தது பிள்ளை?"

துளசிகா சன்னலைப் பார்த்தாள். கீழே யாரோ காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அழிச்சிட்டன்."

"என்னத்தை?"

"சண்டை. வீட்டுச் சண்டையை அரசாங்கத்திட்டக் காட்டுறதே அன்ரி? அம்மாவும் என்ரை ஃபோனைப் பாக்கிறவ."

உம்முடைய தொலைபேசியில் மட்டும் அழித்தால் அழித்த தடம் கூடக் கோப்பில் நிற்காது என்று மங்களேஸ்வரி சொன்னாள். ஆனால் அவருடைய தொலைபேசியில் எல்லாம் அப்படியே இருக்கும். எதிர்ப்பக்கமான அரசாங்கம் அதைக் கேட்டால், அல்லது விசாரணையில் அவர் வாய்தவறிச் சொன்னால், மறைத்தது தெரியவரும்.

"நீர் தந்ததை மட்டும் மொழிபெயர்ப்பன். அதில பிழை இராது எண்டு கையெழுத்தும் வைப்பன். முழு உரையாடல் எண்டு நிலானி எழுதப்போறா. அது முழுசில்லை எண்டு எனக்குத் தெரியும். அதை நான் அவவுக்குச் சொல்லாமல் இருக்கேலாது. முதல் நீரே சொல்லும்."

"அன்ரி, எங்கடை அம்மாவும் உங்கடை கோயில்தானே."

இதற்காகத்தான் பயந்திருக்கிறாள் என்று மங்களேஸ்வரிக்கு அப்போது விளங்கியது. புவனேஸ்வரியக்காவின் மகள். ஒவ்வொரு வெள்ளியும் பூமாலை கட்டும் புவனேஸ்வரியக்கா.

"கோயில் வேறை. இந்த அறை வேறை."

துளசிகா போய்ச் சொன்னபோது நிலானி திட்டவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழைக் கொஞ்சம் தடவித் தடவிப் பேசினாள். கணவருடைய தொலைபேசியிலிருந்து படம், குரல் எல்லாம் சேர்த்துப் புதிதாக எடுப்பியுங்கோ என்றாள். அங்கிருந்து வரும் கோப்பில் நேரம் இலங்கை நேரமாக இருக்கும், இங்குள்ளதோடு பொருந்தாது, அதையும் ஒரு குறிப்பாக முன்னால் போடவேண்டும் என்று மங்களேஸ்வரி நினைவூட்டினாள்.

கோப்பு வந்தது. மங்களேஸ்வரி கதவைச் சாத்திவிட்டு வாசித்தாள்.

துளசிகா ஊரிலிருந்து வரும்போது வயிற்றில் பிள்ளை இருந்தது. இங்கே வந்து, வேலையில் நின்றபடியே, அது இல்லாமல் போனது. யாருக்கும் சொல்லவில்லை. தாய்க்கும் இல்லை, அவனுக்கும் இல்லை. வாரங்கள் கழித்து ஒரு செய்தியில் சொன்னாள், கால் வலிப்பதைச் சொல்வதுபோல.

'எனக்கு ஏன் சொல்லேல்லை' என்று அவன் கேட்டிருந்தான். திரும்பத் திரும்ப. பிறகு அவள்: 'உங்களுக்குப் பிள்ளை போனது கவலையோ, விசா போயிடும் எண்டு கவலையோ?'

அவன் எழுதியிருந்தான்: 'ஓம். கனடாவுக்கு வரத்தான் உன்னைக் கட்டினனான். இப்ப நிம்மதியோ?'

அதுவரை 'நீர்' என்று எழுதியவன் அந்த ஒரு வரியில் 'உன்னை' என்றிருந்தான். பிறகு ஒரு குரல்பதிவு. மங்களேஸ்வரி காதில் கருவியை வைத்தாள். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ஒரு பேருந்து போனது. மூக்கை உறிஞ்சும் சத்தம். 'ஒருக்கா ஃபோனை எடும். எடும் எண்டுறன்.' அவ்வளவுதான். கேட்டதைத் தமிழில் எழுதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் சதுர அடைப்பில் 'மௌனம்' என்று போட்டாள். அந்த மௌனம் எப்படிப்பட்டது என்று எழுத அவளுக்கு உரிமை இல்லை.

துளசிகா மறுபடி வந்தபோது இரண்டு பத்தியாக அச்சடித்த பக்கங்கள் மேசையில் இருந்தன: இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம், வரிக்கு வரி இலக்கம். துளசிகா வலப்பக்கத்தை விரலால் தொட்டுத் தொட்டு வந்தாள். அந்த வரியில் விரல் நின்றது.

"இதை இப்பிடியே போட்டிருக்கிறியள்."

"ஓம்."

"இதைத்தான் அவங்கள் தேடுறாங்கள் அன்ரி. விசாவுக்காகக் கட்டினவன் எண்டு. அவரே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு."

"தெரியும்."

"அவர் கோவத்தில சொன்னவர் எண்டு ஒரு அடைப்புக்குள்ள போடலாம்தானே?"

"நான் கோவத்தைப் பாக்கேல்லைப் பிள்ளை. எழுத்தைத்தான் பாத்தனான்."

"இந்த ஒரு வரியை மட்டும் விடலாம்தானே. ஆயிரம் வரி இருக்கு. ஆர் எண்ணப்போறான்?"

மங்களேஸ்வரி தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் தள்ளினாள்.

"உதை விட்டால் நான் வைக்கிற கையெழுத்துப் பொய். பிறகு மற்ற ஆயிரம் வரியையும் ஒருத்தரும் நம்பமாட்டினம். ஒரு குறிப்பு மட்டும் போட்டிருக்கிறன், பாரும். அந்த இடத்தில அவர் மரியாதையை விட்டுட்டார் எண்டு. ஏன் விட்டவர் எண்டு நீங்கள் இரண்டுபேரும்தான் சொல்லோணும்."

"உங்களுக்குப் பிள்ளையள் இருக்கே அன்ரி?"

கேள்வி குத்துவதற்காகவே வந்தது. மங்களேஸ்வரிக்குப் பிள்ளைகள் இல்லை. அது கோயில் முழுக்கத் தெரியும்.

"இல்லை," என்றாள்.

துளசிகா மாவு ஒட்டியிருந்த நகத்தைச் சுரண்டினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தி, திருப்பித் தந்தாள்.

"வையுங்கோ கையெழுத்தை. அவங்கள் சண்டை இல்லை எண்டுதானே மறுத்தவங்கள். பாக்கட்டும்."

மங்களேஸ்வரி உறுதிமொழியை நிரப்பினாள். பெயர். மொழி: தமிழ். பேச்சுவழக்கு: யாழ்ப்பாணம். தன் அறிவுக்கும் திறமைக்கும் எட்டியவரை சரியான மொழிபெயர்ப்பு. கையெழுத்தை அன்று வழக்கத்தைவிட மெதுவாக வைத்தாள். அந்தக் கேள்வியால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் கோயில் கடினமானது. பூக் கட்ட அவளும் பக்கத்தில் உட்காரும்போது புவனேஸ்வரியக்கா நாரில் பூவை வைத்தபடி கேட்பாள்.

"என்னவாம் எங்கடை பெட்டையின்ரை அலுவல்? உன்னட்டை வந்தவளாமே. என்ன கதைச்சவள்?"

"கடதாசி வேலைதான் அக்கா."

"ஒண்டும் சொல்ல மாட்டாள் எனக்கு. சாப்பிடவும் மாட்டாள். நீயாவது சொல்லன்."

"வெயில் வந்தால் சரியாயிடும் அக்கா. இந்தக் குளிர்தான்."

விசாரணை வைகாசியில், திரையில் நடந்தது. துளசிகா தன் அறையில், கேதீஸ்வரன் வவுனியாவில். முடிந்த அன்று நிலானி தொலைபேசியில் சொன்னாள்: எதிர்ப்பக்கச் சட்டத்தரணி முதல் கேள்வியாகவே அந்த வரியை வாசித்திருக்கிறார். இது நீர் எழுதியதா? ஓம் என்றிருக்கிறான் கேதீஸ்வரன். ஏன்? அதற்குப் பதிலாக, ஒருவரும் கேட்காமலே, பிள்ளை பிறக்கவேண்டியிருந்த வாரத்தைச் சொல்லியிருக்கிறான். அந்த வாரம் தான் வேலைக்குப் போகவில்லை என்றும் சொல்லியிருக்கிறான். துளசிகாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவள் திரைக்கு முன்னால் அழுதாளாம்.

தீர்ப்பு ஆனியில் வந்தது. மேன்முறையீடு ஏற்கப்பட்டது.

அந்த வெள்ளி மங்களேஸ்வரி கோயிலுக்குப் போனபோது புவனேஸ்வரியக்கா பூவோடு இருந்தாள். கூடை நிறைய நந்தியாவட்டை. மாலை பாதியில் நின்றது.

"மருமேன் வாறாராம்," என்றாள்.

"சந்தோசம் அக்கா."

"விசாரணை அண்டைக்குப் பக்கத்து அறையில நிண்டனான். கதவு மெல்லிசு. எல்லாம் கேட்டது." நாரை விரலில் சுற்றினாள். "என்ரை பிள்ளைக்குப் பிள்ளை போனது, எனக்கு முதல் உனக்குத் தெரியும்."

மங்களேஸ்வரி கூடையிலிருந்த பூவைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளும் என்ரை பக்கத்தில இருந்து பூக் கட்டினனி. குளிர் எண்டனி."

மணி அடித்தது. சனம் எழுந்தது. புவனேஸ்வரியக்கா எழவில்லை. மங்களேஸ்வரியும் எழவில்லை. கொஞ்சம் பொறுத்து, கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்து, அக்காவின் கையருகே வைத்தாள். அக்கா அதைப் பார்த்தாள். எடுக்கவில்லை. அடுத்த பூவைத் தன் பக்கத்திலிருந்தே எடுத்து நாரில் முடிந்தாள்.

வீட்டில் தவநாயகம் தேத்தண்ணி நீட்டினார்.

"இண்டைக்கு ஆற்றை சண்டை?"

மங்களேஸ்வரி கோப்பையை வாங்கினாள்.

"என்ரை," என்றாள்.