அவிழ்க்காத முடிச்சு

தட்டைக்கால் என்று ஒரு விஷயம் இருப்பதே நாற்பத்தாறு வயது வரை எனக்குத் தெரியாது. அதுவரை ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் அதே கால்களோடு நடந்து, பஸ் பிடித்து, கல்லூரியில் நாள் முழுக்க நின்று பாடம் நடத்தி நன்றாகத்தான் இருந்தேன். ஓட ஆரம்பித்ததும் ஆளாளுக்கு என் காலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

ஓட்டம் எனக்கு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். காலை ஐந்தே காலிலிருந்து ஆறே கால் வரை, ஒரு நாளில் யாரும் என்னிடம் எதையும் கேட்காத ஒரே மணி நேரம் அது. சட்னியில் உப்பு இல்லை, சட்டைக்குப் பட்டன் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த மணி நேரம் பறிபோய்விடும் போலிருந்தது. இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துப் போனது, குதிகாலில் கொப்புளம், உள்ளங்காலில் வலி. "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம், நிறுத்திடேன்" என்று வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கும்பலோடு அம்மா மண்டபம் சாலையில் ஓடுவேன். அதன் தலைவர் கைலாசபுரம் பாய்லர் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற இன்ஜினியர். நாற்பது வருஷம் பாய்லர் பார்த்தவர், இப்போது பார்க்க பாய்லர் இல்லாததால் எங்கள் கால்களைப் பார்க்கிறார். ஒரு நாள் வாட்டர் பாட்டிலைக் கவிழ்த்து என் பாதத்தை நனைத்து, சிமெண்ட் தரையில் மிதிக்கச் சொன்னார். முழுப் பாதமும் பதிந்தது. சுற்றி நின்ற நாலு பேரும் குனிந்து பார்த்து உச்சுக் கொட்டினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட இவ்வளவு அக்கறையாக முகத்தை வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

"ஃப்ளாட் ஃபுட் மேடம். போதாக்குறைக்குக் குதிகாலைத்தான் முதல்ல ஊனுறீங்க. ரெண்டும் சேர்ந்தா முட்டி போயிடும்" என்றார்.

உள்பக்கம் முட்டுக்கொடுத்த கனமான ஷூ ஒன்றை அவரே சொன்னார். வாங்கினேன். செங்கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவது போலிருந்தது. உள்ளே இருந்த மேடு என் உள்ளங்காலை ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. "பழகிடும்" என்றார். ஒரு மாதம் பழகிப் பார்த்தேன். பழகவில்லை.

அடுத்து என் தங்கையின் மகன், வீடியோ பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டவன், குதிகால் உயரமே இல்லாத மெல்லிய ஷூவைச் சிபாரிசு செய்தான். அதைப் போட்டால் முன்பாதத்தில் ஓடத் தானாக வந்துவிடுமாம். முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் கெண்டைக்கால் கல்லாக இறுகி, மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். உயரம் குறைந்த ஷூ கெண்டைக்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் அதிக வேலை வைக்கும், மாறுவதென்றால் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும் என்று அந்த மேதாவி சொல்லவில்லை. கேட்டதற்கு, "அது கமெண்ட்ஸ்ல இருந்துச்சு பெரியம்மா" என்றான்.

இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய ஷூவுக்கே திரும்பினேன். நகம் மறுபடி கறுத்தது. இன்னொன்று வாங்கிப் பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் நிறுத்திவிடுகிறேன் என்று வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் டவுனுக்குப் போனேன்.

கல்லூரி முடிந்து, சாயங்காலம், ஓடுகிற பழைய ஷூவோடே. கடை வாசலில் வழக்கம் போல ஒரு காலால் இன்னொரு காலின் ஷூவை மிதித்து உதறிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். விற்பனைக்கு நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். 'இவள் பங்குக்கு இவள் என்ன உளறப் போகிறாளோ' என்றுதான் நினைத்தேன். என் தட்டைக்கால் கதையை அவள் கேட்பதற்கு முன்பே ஒப்பித்தேன்.

"தட்டையா இருந்தா இருக்கட்டுங்க. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானே? ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வலிச்சுதா?"

"இல்ல."

"குதிகால் ஊனி ஓடுறதும் பெரும்பாலும் எல்லாரும் ஓடுற மாதிரிதாங்க. நானே அப்படித்தான், காலேஜ்ல ஐயாயிரம் மீட்டர் ஓடுனேன். காலை ரொம்ப முன்னாடி எட்டி வைக்காம, கிட்ட கிட்ட வெச்சா போதும்."

பிறகு அவள் வாசலுக்குப் போய், நான் உதறிய ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கூசியது. பின்பக்கம் மிதிபட்டு மிதிபட்டு நொறுங்கி மடிந்திருந்தது. லேஸ் முடிச்சு அழுக்கேறி விதை போல இறுகிக் கிடந்தது.

"இந்த முடிச்சை எப்பங்க போட்டீங்க?"

வாங்கிய அன்று கடைக்காரர் போட்டது. நான் தொட்டதே இல்லை.

"கழட்டி மாட்ட லேசா இருக்கணும்னு ஒரு சைஸ் பெருசா வாங்கிருக்கீங்க. லேஸை அவுக்கிறதே இல்ல. கால் உள்ள முன்னும் பின்னும் ஓடுது. நகம் போய் முன்னாடி இடிக்குது, குதிகால் உரசுது. ஷூ கழண்டுடாம இருக்க விரலை மடக்கிப் பிடிச்சே ஓடுறீங்க, அப்ப உள்ளங்கால் வலிக்காம என்ன செய்யும்?"

பாய்லர்காரர் என் பாதத்தை நனைத்தார், மிதிக்க வைத்தார். ஒருவரும் ஷூவைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவர்களை எல்லாம் மூடர்கள் என்று திட்டிக்கொண்டிருந்த எனக்கு, திட்ட வேண்டிய ஆள் ஒருத்தி பாக்கி இருந்தாள்.

ஓடும்போது போடுகிற மாதிரி சாக்ஸ் ஒன்றைக் கொடுத்துப் போடச் சொன்னாள். உட்கார விடாமல் நிற்க வைத்து இரண்டு பாதங்களையும் அளந்தாள், நிற்கும்போதுதான் பாதம் விரியும் என்று. பெரிய காலுக்குத்தான் அளவு. என் நீளமான விரல் கட்டைவிரல் இல்லை, அதற்கு அடுத்தது. அதற்கு முன்னால் அவளுடைய கைப் பெருவிரல் அகலம் இடம் விட்டு அளவு சொன்னாள். பெண்கள் ரேக்கில் இருந்த ரோஸ் நிற ஷூக்கள் எல்லாம் பாதத்தின் அகலத்தில் இறுக்கிப் பிடித்தன. யோசிக்காமல் ஆண்கள் ரேக்குக்குப் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வந்தாள். கடைசி ஓட்டை வரை லேஸைக் கோத்து, குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, அதன் பிறகு இறுக்கினாள். கடைக்குள்ளேயே ஓடச் சொன்னாள். பில் போடுகிறவர் பார்த்தார். பார்க்கட்டும். குதிகால் நகரவில்லை. எதுவும் குத்தவில்லை. காலில் ஷூ இருப்பதே மறந்துவிட்டது.

"இதுல என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லங்க. உங்க காலுக்கு உறுத்தலை."

அடுத்த ஞாயிறு ஓடி முடித்து எல்லோரும் இட்லி சாப்பிடப் போனோம். மெஸ் வாசலில் ஷூக்கள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றிலும் இறுகிய முடிச்சு, எல்லாவற்றிலும் நொறுங்கிய பின்பக்கம். இன்ஜினியருடையதுதான் அதில் மோசம். நான் குந்தி உட்கார்ந்து என் லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, "இதுக்கெல்லாம் யாருக்குங்க மேடம் நேரம்?" என்று சிரித்துவிட்டு உள்ளே போனார். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது அவருக்கு.

எனக்கு நேரம் இருந்ததில்லை என்பது உண்மை. யோசித்துப் பார்த்தால் இருபது வருஷமாக நான் எந்தச் செருப்பையும் நிதானமாக மாட்டியதில்லை. வாசலில் காலை நுழைக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், பாதி நுழைத்தபடியே ஓடுவேன். அதற்குத் தோதாகத்தான் ஷூவையும் பெரிதாக வாங்கியிருக்கிறேன். இது தெரியாமல் பழியைப் பாதத்தின் மேல் போட்டேன். நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

இப்போது நகம் வெளுத்து வளர்ந்துவிட்டது. ஐந்து மணிக்கே வாசற்படியில் உட்கார்ந்து, குதிகாலைத் தட்டி, ஓட்டை ஓட்டையாக லேஸை இழுக்கிறேன்.

"ஒரு ஷூ மாட்ட இவ்வளவு நேரமா? காபிப்பொடி டப்பா எங்கே?" என்று இன்று உள்ளேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"இருங்க, இன்னும் ஒரு கால் இருக்கு" என்றேன்.