சின்னவளின் முட்டைகள்

என் தங்கை சாப்பாட்டுக்கடைகளுக்கு முட்டை கொடுப்பவள். வெயில் கொளுத்திய ஒரு காலையில் கரண்ட் போனது. அவள் காசெல்லாம் ஃபிரிட்ஜுக்குள் முட்டையாக இருந்தது.

உள்ளே குளிர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கக் கதவில் கை வைத்தேன்.

"திறக்காத அக்கா, சில்லுன்னு இருக்கறது போயிடும். வெளிய எடுத்தாலும் ஓடு வேர்த்துக் கெட்டுடும்."

"அவ சொல்றத கேளேன்டி" என்றாள் அம்மா. எனக்கு வயிறு எரிந்தது. இந்த வீட்டில் மூத்தவள் யார்?

நடுப்பகல் நெருங்கியும் கரண்ட் வரவில்லை. தங்கையின் முகம் செத்துப்போனது. நான்தான் சொன்னேன்: "குளிர்ச்சி முழுசா போறதுக்குள்ள எல்லாத்தையும் நல்லா வேகவெச்சிடலாம். சூடு ஆறாம மத்தியானச் சாப்பாட்டுக்கே குடுத்துடு."

பெரிய பாத்திரங்களில், மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வேகவைத்தோம். கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், ஒன்றுகூட வீணாகவில்லை.

பக்கத்துவீட்டுக்காரியிடம் அம்மா பெருமை அடித்தாள்: "எங்க சின்னவளோட மூளையப் பாத்தீங்களா!"

"அம்மா, யோசனை அக்காவோடது" என்றாள் தங்கை.

"பாத்தீங்களா, அக்காவை விட்டுக்குடுக்காத மனசும் இருக்கு!"

அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவினேன், கொஞ்சம் சத்தமாகவே.