பிறீசரைத் திறக்காத நாள்

நெல்லியடிச் சந்தைக்குப் பின்தெருவில் உதயகலாவும் கணவன் சிவகரனும் உறையவைத்த கோழியும் ஐஸ்கிறீமும் விற்றார்கள். இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனியில் மின்வெட்டு நீண்டபோது முதலில் போனது ஐஸ்கிறீம். அது இருந்தது கண்ணாடி மூடி போட்ட பெட்டியில். வந்தவர்களெல்லாம் திறந்து பார்த்ததில், பொழுதுபட முன்னமே எல்லாம் கூழாகிவிட்டது. அடுத்த நாளே, அவளின் சங்கிலியை அடகு வைத்து ஜெனரேற்றர் எடுப்போம் என்றான் சிவகரன்.

அவள் இன்வேற்றர் பூட்டுகிற ஜெயசுதனைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அக்கா, லைற்றுக்கும் தராசுக்கும் சின்னது காணும். பிறீசர் மோட்டர் ஸ்ராட் எடுக்கேக்கை பல மடங்கு இழுக்கும். அதுக்குப் பெரிய இன்வேற்றர், கன பற்றறி வேணும். இப்பிடிக் கரண்ட் நிண்டால் அந்தப் பற்றறியும் நிறையாது."

ஜெனரேற்றருக்கோ பெற்றோல் வேண்டும், தட்டுப்பாட்டில் வாகனத்துக்குத் தவிரக் கலனில் ஊற்றித் தரமாட்டார்கள். கறுப்பு விலைக்கு வாங்கி ஓட்டினால் கோழியில் வரும் இலாபம் முழுவதையும் அதுவே குடித்துவிடும்.

முடிவெடுக்கமுதல் சனிக்கிழமை வந்தது. ஞாயிறு வியாபாரத்துக்காகப் பெரிய பிறீசர் நிறையக் கோழி. விடியவே கரண்ட் போய்விட்டது. சிவகரன் பெற்றோலும் வாடகை ஜெனரேற்றரும் தேடிப் போனான். உதயகலா பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, மேலே தடித்த போர்வைகளை விரித்தாள்.

"ஒரு கோழி மட்டும் தா பிள்ளை. திறந்த உடனை மூடலாம்தானே?" என்றார் வாடிக்கைக்காரர் அருளம்பலம்.

"ஏலாது ஐயா. திறந்தால் குளிர் போயிடும். கரண்ட் வந்தாப் பிறகு வாங்கோ."

"அப்ப நான் வேறை கடையிலை வாங்குறன்."

அவருக்குப் பின்னால் நின்றவர்களும் போனார்கள். மத்தியானம் சிவகரன் போன் எடுத்தான்.

"மூண்டு மடங்கு விலைக்குப் பெற்றோல் இருக்காம். வாடகைக்கு ஜெனரேற்றரும் இருக்கு. சொல்லு கலா, எடுக்கட்டே?"

"வேண்டாம்."

"எல்லாம் உருகினால்?"

"உருகினால் நான் பொறுப்பு. நீங்கள் வாங்கோ."

சொல்லிவிட்டாளே தவிர, நிச்சயம் எதுவும் அவளிடம் இல்லை. தகரக் கூரை கொதித்தது. பெட்டியின் கீழே ஈரம் கசிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். திரும்பி வந்த சிவகரன் வாசற்படியில் குந்தினான்.

விளக்கு வைக்கிற நேரம் மின்விசிறி சுழன்றது. ஓடத் தொடங்கிய மோட்டரின் சூடு அடைபடாமலிருக்க முதலில் போர்வைகளை இழுத்தெறிந்தாள். பிறகு பூட்டைத் திறந்தாள். மேலே கிடந்த கோழியை எடுத்துச் சிவகரன் மேசையில் தட்டினான். கல்லைப்போலச் சத்தம் கேட்டது.

"அடியிலை உள்ளதையும் பாருங்கோ," என்றாள். அவையும் இறுகித்தான் இருந்தன.

அருளம்பலம் பிறகு வரவேயில்லை. ஐஸ்கிறீம் பெட்டியை விற்ற காசில், வெளிச்சத்துக்கும் தராசுக்குமாக ஒரு சின்ன இன்வேற்றர் பூட்டினார்கள். கரண்ட் நிற்கிற நேரங்களில் கோழி இல்லையென்று வாசலில் எழுதிப் போட்டாள். வியாபாரம் குறைந்தது, ஆனால் கடை பூட்டுப்படவில்லை.