திரும்பப் போடாத கோலி

எங்கள் சட்டைக் கம்பெனியில் செக்கிங் மேஜையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்குத் தராசு என்று பெயர் வைத்ததே நான்தான். பதினான்கு வருஷமாகப் பெட்டிக்கு எட்டுச் சட்டை எடுத்துப் பார்க்கிறாள். பார்த்த சட்டையைப் பெட்டிக்குள் திரும்பப் போடமாட்டாள், மேஜையில் தனியாக அடுக்குவாள். "உள்ளே போட்டா அதே சட்டை மறுபடி கைக்கு வரும்டி. அப்புறம் எட்டு பாத்தேன்னு எப்படிச் சொல்றது?" என்பாள்.

அவளுக்கு முகதாட்சண்யமே கிடையாது. வாசல் காவலாளி மீசையின் மச்சான் பார்த்துக்கொண்ட லைனில் எட்டுக்கு மூன்று சட்டையில் காலர் கோணல். மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பினாள். மச்சானுக்குக் கிடைக்கவிருந்த சூப்பர்வைசர் வேலை போயிற்று. அன்றிலிருந்து மீசை கறுவிக்கொண்டிருந்தான்.

எங்கள் வாசலில் ஒரு விதி உண்டு. வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரும் ஒரு துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு கோலி எடுக்கவேண்டும். உள்ளே பத்துக் கோலி, ஒன்பது வெள்ளை, ஒன்று சிவப்பு. வெள்ளை வந்தால் போகலாம். சிவப்பு வந்தால் கைப்பையைக் கொட்டி, டிபன் பாக்ஸைத் திறந்து, கம்பெனிப் பொருள் எதையாவது எடுத்துக்கொண்டு போகிறோமா என்று எல்லார் முன்னாலும் சோதனை. எடுத்த கோலியைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். அதனால் யார் எப்போது எடுத்தாலும் பத்தில் ஒன்றுதான்.

அந்த வாரம் திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் தராசுக்குச் சிவப்பு. ஆறு நாளும் கம்பெனி பஸ் அவளை விட்டுவிட்டுப் போயிற்று. சனிக்கிழமை நான் சண்டைக்குப் போனேன்.

"கோலிக்கு ஞாபகமா இருக்கு, நேத்து இவங்க கையில வந்தோமே, இன்னிக்கு ஒதுங்கிக்குவோம்னு?" என்று மீசை சிரித்தான்.

"அவர் சொல்றது நெஜந்தாண்டி" என்றாள் தராசு. "திரும்பப் போட்டாச்சுன்னா நேத்தைக்கும் இன்னிக்கும் சம்பந்தமே இல்ல." மேனேஜரிடம் போனோம். ஆறு பத்தையும் பெருக்கிப் பார்த்தார். "பத்து லட்சத்துல ஒண்ணு. அபூர்வம்தான், ஆனா நடக்கவே நடக்காதுன்னு சொல்ல முடியாதும்மா. ஆதாரம் இருக்கா?" என்றார். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகள், எட்டாவது படிக்கிறவள், சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள்: "அம்மா, கம்பெனியில நீ என்ன எடுத்த? ஸ்கூல்ல கேக்கறாங்க." தராசு அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

அன்று சாயங்காலம் மேனேஜர் வாசற்படியில் போன் பேசிக்கொண்டிருந்தார். தராசு கைவிட்டாள். சிவப்பு. மீசை பையை நீட்டி, "உள்ளே போடும்மா" என்றான். அவள் போடவில்லை. கோலியை உள்ளங்கையில் இறுக்கி, மறுகையால் பையைப் பிடுங்கிக்கொண்டு நேரே மேனேஜரிடம் நடந்தாள்.

"சார், பத்துல ஒண்ணுதானே சிவப்பு? அது இதோ என் கையில. மிச்சம் ஒன்பதும் வெள்ளையாத்தானே இருக்கணும்? ஒண்ணு எடுங்க."

மேனேஜர் எடுத்தார். சிவப்பு. இன்னொன்று எடுத்தார். அதுவும் சிவப்பு. பையைக் கவிழ்த்தார். மிச்சம் ஏழும் சிவப்பாகவே படியில் உருண்டன. மீசையின் மேஜைக்கடியில் இன்னொரு பை கிடைத்தது, ஒரே மாதிரித் துணி, ஒன்பது வெள்ளை ஒரு சிவப்பு. அவள் முறை வரும்போது மட்டும் பையை மாற்றியிருக்கிறான். திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தவரை அவனுக்குக் கவலையே இல்லை.

"வேலையை விட்டே அனுப்பிடறேன்" என்றார் மேனேஜர்.

"இப்ப வேண்டாம் சார். நான் நின்ன எடத்துல ஆறு நாள் அவர் நிக்கட்டும். அதே சிவப்புப் பை. அப்புறம் உங்க இஷ்டம்."

சட்டப்படி இது சரியா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இனித்தது, மறைப்பானேன். ஆறு நாள் மீசை கைவிட்டான், ஆறு நாளும் சிவப்பு, ஆறு நாளும் அவன் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு நாளும் தராசு பையை நீட்டி, "திரும்பப் போடுங்கண்ணே, நாளைக்கு வேணும்" என்றாள்.

ஆறாம் நாள் அவள் மகளையும் கூட்டி வந்திருந்தாள். கம்பெனியே கூடி நின்றது. மீசை கோலியை எடுத்தான், தலை நிமிரவில்லை. தராசு மகளின் தோளை மெல்லத் தள்ளினாள். அந்தப் பெண் ஓரடி முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"மாமா, நீங்க என்ன எடுத்தீங்க?"