அறுநூற்றுப் பத்து கலோரி

"நம்ம சத்துப் பவுடரைக் குடிக்கிறவங்க இளைச்சுப் போறாங்களாம்க்கா! டிரைவர்கிட்ட யாரோ சொன்னாங்களாம்," என்று பேக்கிங் பெண் சிரித்தாள்.

லேபிள் கணக்குப் போடும் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருடமாக ஆய்வகச் சீட்டிலுள்ள கிராம்களைக் கணினியில் ஏற்றுகிறவள் அவள்தான். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு நான்கு, கொழுப்புக்கு ஒன்பது என்று பெருக்கிக் கூட்டினால் கலோரி.

சீட்டைத் தேடி எடுத்தாள். புது ஆய்வகம் கொழுப்புக்கு முன்னால் மாவுச்சத்தை எழுதியிருந்தது. இவள் தலைப்பைப் பார்க்காமல் பழைய வரிசையிலேயே ஏற்றிவிட்டிருந்தாள். புரதம் இருபது, கொழுப்பு இருபது, மாவுச்சத்து ஐம்பது. நூறு கிராமுக்கு நானூற்று அறுபதுதான். டப்பாவிலோ அறுநூற்றுப் பத்து.

"விடுங்கக்கா, இன்னொரு கரண்டி போட்டுக் குடிச்சாப் போச்சு."

அக்காவின் தம்பிக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இந்தப் பவுடர்தான் சாப்பாடு. டாக்டர் சொன்ன கலோரிக்கு டப்பாவைப் பார்த்து அளப்பவள் தம்பி மனைவி. நேற்றுகூட அழுதாள்: "எலும்பும் தோலுமா ஆயிட்டார் அண்ணி. நான் ஒரு கிராம்கூடக் குறைக்கலையே."

குறைத்தது யாரென்று இப்போது சொல்லியாக வேண்டும். போனை எடுத்துத் தம்பி மனைவியின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.