எல்விரா டீச்சரின் செய்தி வினை

எல்விரா டீச்சரிடம் ஸ்பானிஷ் படித்துவிட்டுப் போனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இலக்கணம் மறந்திருக்கும். அவள் மகன் வில்மரை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆன்டிகுவா ஊரின் மொழிப் பள்ளிகளில் பிழைப்பே அப்படித்தான். முற்றத்தில் சின்னச் சின்ன மேசைகள், ஒரு மேசைக்கு ஒரு டீச்சர், எதிரே ஒரே ஒரு மாணவர். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பன்னிரண்டு வரைக்கும் பேசியாக வேண்டும். மழை, வெயில், எரிமலைப் புகை எல்லாம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு சொந்தக் கதைதான் கைகொடுக்கும். குடிகாரப் புருஷன் இறந்தகாலத்துக்கு உதவுவான், மகள் கல்யாணம் எதிர்காலத்துக்கு. எல்விராவுக்கு வில்மர்.

நான்கு வருடங்களுக்கு முன்பு, பத்தொன்பது வயதில், அவன் வேலை தேடி வடக்கே கிளம்பினான். எல்லைப் பாலைவனத்துக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு தடவை போன் செய்தான். "அம்மா, நாளைக்கு நடக்க ஆரம்பிக்கிறோம். செருப்பு நல்லாத்தான் இருக்கு, கவலப்படாத" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

ஸ்பானிஷில் ஒரு வினைக்கு இரண்டு முகம் உண்டு. நடப்பதை நடப்பதாகச் சொன்னால் ஒரு முகம். எல்விரா அதைச் செய்தி வினை என்பாள். ஆசை, சந்தேகம், சந்தோஷம், துக்கம், 'இது நல்லது, இது அவசியம்' என்கிற தீர்ப்பு, இவற்றில் ஒன்று முன்னால் வந்து, பின்னால் இன்னொருவர் செய்வது வந்தால் அடுத்த முகம்; அது மனசு வினை. கடைசி எழுத்து புரண்டுகொள்ளும், அவ்வளவுதான். பேசுகிறான் என்பது 'அப்லா'. மனசு வினையில் 'அப்லே'. சாப்பிடுகிறான் 'கொமே', அது 'கொமா' ஆகும். இருக்கிறான் என்பது 'எஸ்தா', அது 'எஸ்தே'.

'நம்புகிறேன்' மட்டும் தனி ரகம். நம்பிவிட்டால் அது செய்திக் கணக்கில் போய்விடும், 'எஸ்தா'தான். 'நம்பவில்லை' என்றால் 'எஸ்தே'. எல்விரா மூன்று வருடம் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். வில்மர் உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறேன்: எஸ்தா. கூட வேலை செய்கிறவர்கள் ஆறுதலாக, "உயிரோட இருக்கணும்னு நாங்களும் வேண்டிக்கிறோம்" என்று 'எஸ்தே' போட்டால் முகம் கடுத்துவிடும். "ஏன், இல்லாதவனுக்கா வேண்டிக்கிறீங்க?" என்பாள். போன வருடம், காணாமல் போனவர்களைத் தேடும் ஒரு அலுவலகத்தில், ஒத்துப்பார்ப்பதற்காக அவள் எச்சிலை எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம், அவளே ஒரு மாணவியிடம் 'எஸ்தே' என்று சொன்னது பக்கத்து மேசைக்காரியின் காதில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரி நல்லவள், ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வாரம் வந்திருந்தவர் யோஸ்ட், ஹாலந்துக்காரர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். தண்டவாளம் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு அடி நகர மாட்டார். பேசுவதும் பாடப்புத்தகம் வாய் திறந்த மாதிரி இருக்கும். வியாழக்கிழமை காலை சந்தேகப் பாடம் நடந்தது. அவர் வில்மரையே எடுத்துக்கொண்டார்.

"டீச்சர், உங்கள் மகன் இறந்துவிட்டான் என்பதில் எனக்குச் சந்தேகம். எஸ்தே. சரியா?"

செத்தவனுக்கும் ஸ்பானிஷில் 'இருக்கிறான்' என்கிற அதே வினைதான், செத்தவனாக இருக்கிறான். எல்விரா சிரித்தாள். "சரிதான். உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்."

பத்தரை மணி இடைவேளையில், வாழைப்பழ உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது வாசலில் தங்கை சாயோ வந்து நின்றாள். சந்தையிலிருந்து ஓடி வந்திருந்தாள், ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, போன் ஏன் எடுக்கல?"

"கிளாஸ்ல எடுக்க விட மாட்டாங்கன்னு தெரியாதா உனக்கு? கடைய யார் கிட்ட விட்டுட்டு வந்த?"

"அந்த ஆபீஸ்லேருந்து எனக்குப் பண்ணாங்க. உன் எச்சில் ஒத்துப்போச்சாம்."

"எதோட?"

சாயோ வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எலும்போட அக்கா. ரெண்டு தடவ பாத்துட்டாங்களாம், சந்தேகமே இல்லையாம். நீ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் அனுப்புவாங்களாம்."

"செருப்பு இருந்துச்சாமா?"

"நான் கேக்கல."

"பன்னெண்டுக்கு முடியும். வரேன்."

"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? அந்த ரிகோ கிட்டச் சொல்லிட்டு வா. வேற யாராவது பாத்துப்பாங்க."

"ஆள் உக்காந்திருக்காரு சாயோ."

பள்ளி முதலாளி ரிகோ கல்மனசுக்காரர் இல்லை, கேட்டால் விட்டிருப்பார். அவளுக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை. நான்கு வருடமாக அந்த மேசையில் வில்மர் வாரா வாரம் உயிரோடு இருந்தான். திரும்பிப் போனால் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருப்பான் என்று நினைத்தாளோ என்னவோ. உருண்டையைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்தாள். அழுகை வரவில்லை. வராததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த பாடம் சந்தோஷமும் துக்கமும். யோஸ்ட் இடைவேளையிலேயே வாக்கியம் எழுதி வைத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"வில்மர் உயிரோடு இருப்பது எனக்கு மிகவும் சந்தோஷம். எஸ்தே." நிமிர்ந்து பார்த்தார். "சரியா டீச்சர்?"

அதில் பிழை என்று கோடு போட ஒரு எழுத்துக்கூட இல்லை. "சரி" என்றாள்.

"ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. சந்தோஷப்படுகிறவன் விஷயத்தை உறுதியாகத் தெரிந்துகொண்டுதானே சந்தோஷப்படுகிறான்? பிறகு எதற்குச் சந்தேகத்துக்குப் போட்ட அதே எஸ்தே?"

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அவரைத் தலையில் தூக்கி வைத்திருப்பாள். இருபது வருடமாகச் சொல்லும் பதில் தானாக வாயில் வந்தது. "உறுதியா இல்லையாங்கறது இங்க கணக்கில்ல. நீங்க தகவல் சொல்ல வரல, உங்க மனசு என்ன பாடுபடுதுன்னு சொல்றீங்க. விஷயம் நெசமாவே நடந்திருந்தாலும் மனசு வினைதான்."

"ஒரு உதாரணம் சொல்லுங்கள்."

"அவன் செத்துட்டது எனக்கு வலிக்குது." அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "எஸ்தே."

யோஸ்ட் எழுதிக்கொண்டார். காலையில் எழுதிய வரியைத் தேடிப் பிடித்து இரண்டுக்கும் அடியில் கோடு போட்டார். "காலையில் செத்துவிட்டான் என்பதில் சந்தேகம். இப்போது செத்தது வலிக்கிறது. பின்பாதியில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை."

"மாறாது" என்றாள். இருபது வருடம் சொல்லிக்கொடுத்த வரிக்குள் இப்படி ஒரு குழி இருந்தது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. 'எஸ்தே' என்று சொல்லிக்கொண்டே ஆயுசு முழுக்க ஓட்டலாம். சந்தேகத்திலிருந்து துக்கத்துக்கு நகரலாம், பாவம் என்று தீர்ப்புச் சொல்லலாம், கையெழுத்துப் போடுவது அவசியம் என்று தங்கை சொல்வதைக் கேட்கலாம். அவன் செத்துவிட்டான் என்ற செய்தியை மட்டும் சொல்ல வேண்டியதே இல்லை.

யோஸ்ட் விடுகிற ஆள் இல்லை. "அப்படியென்றால் 'அது உண்மை' என்று ஆரம்பித்தால்? அதுவும் ஒரு தீர்ப்புத்தானே?"

"இல்ல. உண்மைன்னு சொன்னா அது செய்தி."

"சொல்லிக் காட்டுங்கள்."

எல்விரா வாயைத் திறந்தாள். பக்கத்து மேசையில் யாரோ எண்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் சாயோ அங்கேயே நின்றிருந்தாள். எல்விரா வாயை மூடிக்கொண்டு, அவருடைய நோட்டை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"நீங்க சொல்லுங்க."

யோஸ்ட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டு, தப்பு வந்துவிடக் கூடாதே என்று மெதுவாக, தெளிவாகச் சொன்னார்.

"வில்மர் செத்துவிட்டான் என்பது உண்மை. எஸ்தா."

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அவர் காத்திருந்தார். பிறகு கொஞ்சம் கவலையாகக் கேட்டார்.

"தவறா, டீச்சர்?"

"இல்ல" என்றாள் எல்விரா. "சரிதான்."