அந்தக் குளிகை மட்டும் வேண்டாம்

அண்ணனுக்கு நெஞ்சில் முதல் அடைப்பு வந்தது 2009-இல். திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட் வைத்து, ஐந்து வகை மாத்திரையும் ஒரு கட்டு காகிதமுமாக அனுப்பினார்கள். மார்த்தாண்டத்திலிருந்து மலைப்பக்கம் ஏறும் சாலையில் எனக்கு ஒரு மருந்துக்கடை. பார்மசி படித்துவிட்டு நானே நடத்துகிறேன். மாதம் பிறந்தால் அண்ணன் சீட்டோடு வந்து நிற்பான், நான் மாத்திரைகளை எடுத்துக் கவரில் போடுவேன். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, பிரஷருக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. அந்தக் கடைசி மாத்திரையின் பெயர் அட்டோர்வாஸ்டாட்டின். மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுக்கும் பெரிய அளவு.

அண்ணனுக்கு வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவில் கொஞ்சம் ரப்பர். கூலிக்கு ஆள் விடாமல் தானே பட்டையைக் கீறிப் பால் வெட்டுகிறவன். டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன நாட்கள் முடிந்ததும் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் சரிவில் ஏறி இறங்க ஆரம்பித்தான். அப்போதுதான் கால்வலி வந்தது. இரண்டு தொடையும், இரண்டு கெண்டைக்காலும். காலையில் குத்தவைத்து எழுந்திருக்கும்போது கையை ஊன்றினான். அண்ணன் பெண்டாட்டி, என் மைனிதான் இதை என்னிடம் முதலில் சொன்னாள், அதுவும் சிரித்துக்கொண்டே. "உனக்க அண்ணனுக்கு வயசாயிட்டு கேட்டியா, கட்டிலைப் பிடிச்சிட்டு எழும்புகாரு."

மழை பிடிப்பதற்கு முந்தைய வாரம், ஊரெல்லாம் காய்ச்சல். கடை முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், எல்லோருக்கும் அவசரம், எனக்கு ஏற்கெனவே மூக்குநுனியில் கோபம். அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றபடி கேட்டான்.

"ஏட்டி, இந்தக் கொலஸ்ட்ரால் குளிகை தின்னா காலு வலிக்குமா?"

"ஆமா, செல ஆளுகளுக்கு வலிக்கும்" என்றேன். கையில் ஒரு குழந்தையின் இருமல் மருந்து. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஸ்டாட்டினுக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் அது ஒரு பதிலின் முன்பாதிதான். பின்பாதியை நான் பத்து வருடமாக எத்தனையோ பேரிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன். வலி எப்போது தொடங்கியது, மாத்திரை தொடங்கின சில வாரங்களிலா? ஒரு காலா, இரண்டு காலுமா? வெறும் வலியா, இல்லை எழுந்திருக்கவே பலமில்லையா? மூத்திரம் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகிறதா? அப்படிப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இல்லையென்றால் பதறாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சி.கே. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, தசை சிதைகிறதா என்று காட்டும். தைராய்டு பார்ப்பார்கள், வைட்டமின் டி பார்ப்பார்கள், கூடச் சாப்பிடும் வேறு மருந்து ஏதாவது மோதுகிறதா என்று பார்ப்பார்கள். அளவைக் குறைப்பார்கள், அல்லது வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார்கள். தானாக மட்டும் நிறுத்தக் கூடாது. ஊராருக்கெல்லாம் சொன்ன இதை என் கூடப்பிறந்தவனுக்குச் சொல்ல எனக்கு அன்றைக்கு நேரமில்லை.

அடுத்த மாதம் வந்தான். சீட்டை நீட்டி, கட்டைவிரலால் ஒரு வரியை மறைத்துக்கொண்டான்.

"மத்ததெல்லாம் தா. இது மட்டும் வேண்டாம்."

"டாக்டர்ட்ட கேட்டியா?"

"அடுத்த தடவை போவும்பம் கேக்கேன். இப்பம் ரிப்போர்ட்டு நார்மல்தானே. கொழுப்பு கொறஞ்சிட்டு. பின்னே என்னத்துக்கு?"

அடுத்த தடவை என்பது ஐந்து மாதம் தள்ளி இருந்தது. கொழுப்பு குறைந்ததே அந்த மாத்திரையால்தான், விட்டால் பழையபடி ஏறும் என்பது எனக்குத் தெரியும். நான்கு வகை மாத்திரைகளை எண்ணிக் கவரில் போட்டேன். ஐந்தாவது இல்லாத கவர் கையில் அதே கனத்தில்தான் இருந்தது.

எங்கள் பக்கம் கர்க்கடக மாதம், அதாவது ஆடி, உடம்பைப் பார்த்துக்கொள்ளும் மாதம். மருந்துக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பார்கள், நாட்டு வைத்தியரான ஆசானிடம் போய் எண்ணெய் தேய்த்துத் தடவிவிட்டுக்கொள்வார்கள். மழையில் ரப்பர் வெட்டும் கிடையாது. அண்ணன் பதினான்கு நாள் தடவலுக்குப் போனான். ஆசானைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் முதல் நாளே, "நெஞ்சுக்கு உள்ள மருந்து எதையும் நிறுத்தப்பிடாது, நிறுத்தினா நான் கைவைக்க மாட்டேன்" என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். அண்ணனும் ஒன்றும் நிறுத்தவில்லை என்று சத்தியமாகவே சொன்னான். அவன் கணக்கில் அது நெஞ்சுக்கான மருந்தே இல்லை. அது ரிப்போர்ட்டுக்கான மருந்து.

பதினைந்தாம் நாள் வலி போய்விட்டது. எண்ணெயால் போனதா, வெட்டு இல்லாமல் கால் ஓய்ந்ததால் போனதா, மாத்திரையை விட்டதால் போனதா, யாருக்குத் தெரியும்? மூன்றும் ஒரே மாதத்தில் நடந்தது. ஆனால் அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை. கடைக்கு வந்து எல்லோர் முன்னாலும் குத்தவைத்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டினான். "பாத்தியா? எல்லாம் அந்த எளவு குளிகை." கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் தனக்கும் அந்த மாத்திரை வேண்டாம் என்றார். அவரை மட்டும் கண்டபடி திட்டி, டாக்டரிடம் துரத்தினேன். அண்ணனைத் திட்டவில்லை. அவன் முகத்தில் அத்தனை மாதம் கழித்து ஒரு தெளிச்சம் இருந்தது, அதை நான் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. மூன்று மாதமும் அந்த நான்கு மாத்திரைக் கவர் போயிற்று. அவன் நன்றாக இருந்தான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவன் இருமினால் என் காது அங்கே போகும். மைனியின் எண்ணிலிருந்து போன் வந்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். எடுத்தால் மரச்சீனிக்கிழங்கு வேண்டுமா என்று கேட்பாள். போனை வைத்ததும் என்மேலேயே எரிச்சல் வரும். வேண்டாததையெல்லாம் நினைக்கிறேனே, ஊரில் எத்தனை பேர் மாத்திரையை விட்டுவிட்டு ஜம்மென்று இருக்கிறார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்துவேன். அவர்களில் சிலர் பிறகு கடைக்கு வராமல் போனதையும் நான்தான் பார்த்திருக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு காலை. பாதி மரம் வெட்டியாகிவிட்டது, சிரட்டைகளில் பால் விழுந்துகொண்டிருக்கிறது. மைனி சாயா கொண்டுபோனபோது அவன் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை நனைந்து ஒட்டியிருக்கிறது, தாடை வலிக்கிறது என்கிறான். வாயு என்று சொல்லி அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான், கீழே வந்து சொல்ல அவனுக்கு மனசில்லை. ஜீப் சரிவில் ஏறாது. நான்கு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினார்கள். நான் கடையைப் பூட்டாமலே ஓடினேன்.

திருவனந்தபுரத்தில் அதே டாக்டர். ஸ்டென்ட் வைத்த இடம் அப்படியே இருக்கிறது, இது வேறொரு குழாயில் வந்த புது அடைப்பு என்றார். பிழைத்துவிட்டான், ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் பாதிக்குமேல் செத்துவிட்டது. மூன்றாம் நாள் வார்டில் சீட்டைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"ஸ்டாட்டின் எப்ப நிறுத்தினீங்க?"

அண்ணன் சொன்னான். கால்வலியையும் எண்ணெய்த் தடவலையும் சொன்னான். டாக்டர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "வலி மருந்தால வந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். "அப்பவே ஒரு சி.கே. பாத்திருந்தா கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும். இப்ப பாத்துப் பிரயோஜனமில்ல, மாரடைப்பிலயே அது ஏறும். இந்த மருந்து கொழுப்ப மட்டும் கொறைக்கல. ரத்தக்குழாய்ச் சுவருல படிஞ்ச கொழுப்பு வெடிக்காம கெட்டிப்படுத்தி வச்சிருக்கும். ஸ்டென்ட் வச்சவங்க இத விட்டா ஆபத்து கூடும். நிறுத்தினதாலதான் இது வந்துதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நிறுத்தியே ஆகணும்னா நான் நிறுத்தியிருப்பேன், சில வாரம் பாத்துட்டு வேற ஒண்ணு தொடங்கியிருப்பேன்." பிறகு சீட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "யாரு நிறுத்தச் சொன்னா? எண்ணெய் போடுறவங்களா?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "யாரும் சொல்லேல்ல சாரே. நானாத்தான்."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்துக்கடைக்காரி என்று டாக்டருக்குத் தெரியும். தங்கச்சி கடையிலிருந்துதானே மருந்து போகிறது, நீங்கள் கவனிக்கவில்லையா என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வேறொரு ஸ்டாட்டினைச் சின்ன அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, மெல்லக் கூட்டினார்கள். கூடவே கொழுப்புக்கு இன்னொரு மாத்திரை. கால்வலி வரவில்லை. வந்தது வேறு: நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது, சாயங்காலம் பாதம் வீங்கியது. சரிவில் ஏறக் கூடாது என்றார்கள். வெட்டுக்குக் கூலியாள் வந்தான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். மைனி அடுக்களையில். அவன் மாத்திரைப் பெட்டியைத் திறந்து புது மாத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது அப்பமே உண்டா ஏட்டி? உனக்க கடையில இருந்துதா?"

"இருந்துது அண்ணே."

பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டான். எனக்குத் தாங்கவில்லை. அழுதுவிட்டேன். "எனக்குத் தெரியும் அண்ணே, நிறுத்தப்பிடாதுன்னு எனக்குத் தெரியும். கூட்டம்னு சொல்லாம விட்டேன். பொறவும் சொல்லேல்ல. சொன்னா நீ எங்க கேக்கப்போறேன்னு நினைச்சேன்."

அண்ணனுக்கு ஒரே மூச்சில் பேச முடியாது. இரண்டு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"அந்தக் குளிகையால காலு வலிக்கும்னு நீ சொன்னே. கேட்டேன் இல்லியா? டாக்டர் சீட்ட விட உனக்க பேச்சத்தானே கேட்டேன்."